வெறுங்கையால் எடுத்த பாண்

நான் ஏரம்புவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது நூற்று எண்பத்தேழு ரூபாய் ஐம்பது சதம். கைமாற்றாக வாங்கிய காசல்ல. அவனுடைய வலது கையை வைத்துப் பந்தயம் கட்டி நான் சேர்த்த முந்நூற்று எழுபத்தைந்து ரூபாயில் அவனுடைய பாதி.

கொடிகாமம் சந்தைக்குப் பின்னாலே சிவசுப்பிரமணியம் முதலாளியின் பேக்கரி இருந்தது. நாங்கள் நாலு பேர் வேலை. இரண்டு பேர் மா குழைப்பார்கள். ஏரம்பு பாண் வேகிற போறணை அடுப்பில் நிற்பான். நான் வயதில் மூத்தவன் என்றபடியால் விறகு, தண்ணீர், கணக்கு, முதலாளியிடம் ஏச்சு வாங்குவது எல்லாம் என் தலையில். எண்பத்தைந்தாம் ஆண்டு அது. ஊரடங்குச் சட்டம் எப்போது வரும் என்று தெரியாததால் இராவேலையை விட்டுவிட்டுக் காலையில் போறணையை மூட்டி மத்தியானத்தில் பாண் எடுத்தோம்.

போறணைக்குள் இருந்து வரும் பாண் அச்சை மடித்த சாக்குத் துண்டால்தான் பிடிக்கவேண்டும். எங்கள் எல்லோருடைய கையிலும் சூட்டுத் தழும்பு உண்டு. ஒருநாள் சாக்குத் துண்டு தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிட்டது. ஈரச் சாக்கு இன்னும் மோசம், ஆவி பிடித்துச் சுட்டுவிடும். ஏரம்பு ஒன்றும் யோசிக்கவில்லை. வெறுங்கையால் அச்சைத் தூக்கி மேசையில் வைத்தான். அடுத்ததையும் தூக்கினான்.

"டேய், சுடேல்லையோடா?" என்று கேட்டேன்.

"சூடு தெரியுது அண்ணை. ஆனால் நோகேல்லை."

"உனக்கு என்ன, கையோ இல்லாட்டி அகப்பையோ?"

மா குழைக்கிறவர்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்றிலிருந்து அவனுக்கு அகப்பைக் கையன் என்று பெயர்.

பந்தயத்தைத் தொடங்கியது நான்தான். சந்தைக்குத் தேங்காயும் மரக்கறியும் ஏற்ற வருகிற லொறிக்காரர்கள், சாமான் ஏறும் மட்டும் எங்கள் பேக்கரி வாசலில் நின்று பிளேன்ரீ குடிப்பார்கள். பொழுது போகாத மனிதர்கள், கையில் காசு உள்ளவர்கள். நான் கதையைத் தொடங்குவேன். "எங்கடை பெடியன் ஒருத்தன் இருக்கிறான். போறணையாலை வந்த அச்சை வெறுங்கையிலை வைச்சுக்கொண்டு இருபது எண்ணுவான்." அவர்கள் நம்பமாட்டார்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று ஏறும். ஏரம்பு வந்து அச்சைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பான். சில நேரம் இருபத்தைந்து வரை எண்ணி, "அண்ணை, உவருக்கு இன்னும் அஞ்சு சும்மா விடுறன்" என்பான்.

ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். நான் அதைப் பார்த்தேன், பார்க்காதவன் போல இருந்தேன். அவன் அச்சை உள்ளங்கை முழுவதாலும் பிடிப்பதில்லை. சின்னவிரலும் மோதிரவிரலும் அதற்குக் கீழே வருகிற கைப்பக்கமும்தான் அச்சில் படும். பெருவிரலையும் சுட்டுவிரலையும் மேலே தூக்கி வைத்திருப்பான். அந்த இரண்டும் ஒருநாள் தற்செயலாகப் பட்டபோது "ஐயோ" என்று கத்தி அச்சைப் போட்டுவிட்டான். அப்படியென்றால் கையின் ஒரு பாதி சுடுகிறது, மற்றப் பாதி சுடவில்லை. அந்த அளவு எனக்குத் தெரியும். பந்தயம் பிழைக்காமல் இருக்க அது தெரிந்தால் போதும்.

கொப்புளம் வரும். அவன் ஊசியால் குத்தித் தண்ணீரை எடுத்துவிட்டுத் தேங்காயெண்ணெய் பூசுவான். குத்தும்போது முகம் சுழிக்கமாட்டான். அந்தப் பக்கம் வேர்ப்பதும் இல்லை. போறணைக்கு முன்னால் நின்று எங்கள் கையெல்லாம் நனைந்து வடியும்போது, அவனுடைய கையின் அந்தப் பாதி மட்டும் காய்ந்து வெடித்துக் கிடக்கும். முன்கையில் ஒரு ரூபாய்க் குற்றியை விடப் பெரிதாக ஒரு தேமல் இருந்தது. அதில் மயிர் இல்லை. மூன்று வருடமாக இருக்கிறது, போறணைச் சூட்டுக்கு வந்தது என்று சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவனுடைய பங்கை நான் கொடுக்கவில்லை. அந்த வருடம் என் வீட்டுக் கூரை மோசம், கிடுகு மாற்றவேண்டியிருந்தது. "பேந்து தாறன்" என்று சொன்னேன். "உங்களிட்டைத்தானே அண்ணை கிடக்கு, வங்கியிலை கிடக்கிற மாதிரி" என்றான்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு அவனுக்கு முழங்கை நோகத் தொடங்கியது.

"கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கு அண்ணை. முழங்கையிலை தொடங்கிச் சின்னவிரல் மட்டும் ஓடுது."

"மா மூடை தூக்கினது. எண்ணெய் போட்டு உருவு" என்றேன்.

நானே உருவியும் விட்டேன். முழங்கையின் உட்பக்கத்தில், எலும்புக்குப் பக்கத்தில், தோலுக்குக் கீழே தடித்த கயிறு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. தொட்டவுடன் துள்ளினான். நரம்பு பிசகியிருக்கிறது என்று சொல்லி இன்னும் அழுத்தி உருவினேன். என்னுடைய கையால்.

அந்த மாதக் கடைசியில் அவன் பெண்சாதி குணலட்சுமி சோறு கொண்டு வந்தவள் என்னிடம் சொன்னாள்: "அண்ணை, இவர் சாப்பிடேக்கை சோறெல்லாம் விரலுக்குள்ளாலை கொட்டுண்ணுது. சின்னப்பிள்ளை சாப்பிட்ட இடம் மாதிரிக் கிடக்கு. கேட்டால் என்னோடை பாயுறார்."

"நல்ல கறி வைச்சால் ஏன் கொட்டப் போறான்?" என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, படலையடியில் சுகாதாரப் பரிசோதகரின் சைக்கிள் நின்றது. அருளம்பலம் ஐயா. பேக்கரிகளையும் தேத்தண்ணிக் கடைகளையும் பார்க்க வருகிறவர். கிணற்றைப் பார்ப்பார், மா அறையைப் பார்ப்பார், எங்கள் நகத்தைப் பார்ப்பார். பிழை கண்டால் கடையைப் பூட்டி எழுதிவிடுவார். நான் உள்ளே ஓடினேன். ஏரம்புவின் கையில் அப்போது இரண்டு கொப்புளம், ஒன்று உடைந்து சீழ் வைத்திருந்தது.

"ஏரம்பு, விறகுக் கொட்டிலுக்குள்ளை போய் இரு. நான் கூப்பிடுமட்டும் வராதை."

"ஏன் அண்ணை? அவருக்கு இந்த முழங்கையைக் காட்டினால் ஏதும் மருந்து சொல்லுவாரே."

"அவர் பாண் பாக்க வந்தவர், உன்னைப் பாக்க வரேல்லை. புண்ணோடை பாண் தொடுறாய் எண்டு கண்டால் நாலு பேருக்கும் வேலை இல்லை. போடா."

அது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவனுக்குச் சொல்லவில்லை. வருகிற சனிக்கிழமைப் பந்தயத்துக்கு வவுனியா லொறிக்காரன் ஒருவன் நூறு ரூபாய் கட்டியிருந்தான்.

ஐயா எல்லாவற்றையும் பார்த்தார். எங்கள் மூன்று பேருடைய கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போகிற நேரம் தோற்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்தார். ஒரு மனிதனுடைய முதுகு; அதிலே வெளிறிய தேமல்.

"இப்பிடி ஆருக்கும் இருக்கோ? சொறியாது, நோகாது. தொட்டால் தெரியாது. கை கால் விறைப்பு, விரல் பெலமில்லாமல் போறது, இப்பிடி ஏதும்?"

படம் என் கையில் இருந்தது. மா குழைக்கிறவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மூத்தவன் நான் அல்லவா.

"அப்பிடி ஒருத்தரும் இல்லை ஐயா."

"வேலையாக்கள் இவ்வளவுதானோ?"

"ஓம் ஐயா."

ஐயா படத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். சனிக்கிழமை லொறிக்காரனிடம் நூறு ரூபாய் வாங்கினேன்.

பிறகு பந்தயம் பிடிக்க முடியவில்லை. வைகாசி அளவில் சின்னவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடிந்து நின்றுவிட்டன. நிமிர்த்த முயன்றாலும் நிமிரவில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இருந்த சதை வற்றிக் குழி விழுந்தது. சட்டைப் பொத்தான் பூட்டக் குணலட்சுமி வரவேண்டும். முழங்கை நோ போய்விட்டது. "சுகம் வந்திட்டுது அண்ணை" என்று அவனே சொன்னான். நோ போனதை நாங்கள் சுகம் என்று நினைத்தோம். அப்படி நினைக்காத மனிதர் யார்?

புரட்டாதியில் அது நடந்தது. மத்தியானப் பாண் உள்ளே வெந்துகொண்டிருந்தது. ஏரம்பு போறணை வாயின் இரும்புச் சட்டத்தில் வலது கையின் அந்த மரத்த பக்கத்தை ஊன்றிக்கொண்டு என்னோடு கதைத்துக்கொண்டு நின்றான். முதலாளி என்னை ஏசுகிற மாதிரி நடித்துக் காட்டினான். "கனகரத்தினம், விறகு என்ன உன்ரை கொப்பர் வெட்டின விறகோ, இப்பிடி அள்ளி எரிக்கிறாய்?" என்று மூக்கால் சொன்னான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது கருகுகிற மணம் வந்தது.

"பாண் கருகுது அண்ணை" என்று அவன்தான் சொன்னான். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். "இல்லையே, பாண் நல்லாத்தான் கிடக்கு."

நான்தான் கண்டேன். அவன் ஊன்றியிருந்த கையைச் சுற்றிப் புகை வந்தது. பிடித்து இழுத்தேன். தோல் சட்டத்தோடு நின்றுவிட்டது. ஏரம்பு தன் கையைத் திருப்பி, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். அதன் பிறகுதான் கத்தினான். நோவுக்கு அல்ல.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தான். புண் எலும்பு வரை போய்ச் சின்னவிரலில் இரண்டு கணுவை எடுத்தார்கள். அங்கேதான் தோல் டாக்குத்தர் அவனுடைய தேமலைப் பார்த்தார்.

ஐப்பசியில் அருளம்பலம் ஐயா மறுபடியும் பேக்கரிக்கு வந்தார். இந்த முறை எங்கள் தோலைப் பார்க்க. சட்டையைக் கழற்றச் சொன்னார். பஞ்சால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். எங்களுக்கு ஒன்றும் இல்லை. முதலாளி கதவடியில் நின்றுகொண்டு உள்ளே வராமல் கேட்டார்:

"ஐயா, உது அந்த... குட்டந்தானே?"

"தொழுநோய். மாதம் ஒருக்கா ஒரு சிவப்புக் குளிசை, ஒவ்வொரு நாளும் ஒரு வெள்ளைக் குளிசை. ஆறு மாதத்திலை மருந்து முடியும். அவருக்கு ஒரேயொரு தேமல். அவரிட்டை இருந்து ஆருக்கும் தொத்தாது. பாணாலையும் தொத்தாது. வேலைக்கு எடுக்கலாம்."

"நீங்கள் சொல்லுவியள். சனம் பாண் வாங்க வேணுமே."

"சனத்துக்கு நான் சொல்லுறன்."

"நீங்கள் சொல்லிப்போட்டுப் போயிடுவியள் ஐயா. பேந்து கடையைத் துறந்து வைச்சுக்கொண்டு இருக்கிறது நான்."

முதலாளி அதற்கு மேல் நிற்கவில்லை. நானும் அவனுக்காக ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

நான் ஐயாவிடம் வேறொன்று கேட்டேன். "ஐயா, நோகாமல் எப்பிடி விரல் போகும்?"

அவர் என் கையைப் பிடித்து மடக்கி, முழங்கை எலும்புக்குப் பக்கத்தில் விரலால் சுண்டினார். என் சின்னவிரலுக்குள் மின்னல் போல ஓடியது.

"அந்த நரம்புதான். அதாலைதான் அந்தப் பக்கத்துச் சூடும் நோவும் மூளைக்குப் போகுது. அந்த விரலுகளை நிமித்திற பெலமும் அதாலைதான் வருது. இந்தக் கிருமி குளிரான இடந் தேடுறது. தோலிலையும், தோலுக்குக் கிட்ட ஓடுற நரம்பிலையும் போய்க் குடியிருக்கும். முதல்லை தோலிலை உள்ள சின்ன நரம்புகள் போகும். அந்தத் தேமலிலை தொட்டால் தெரியாது. பேந்து இந்தப் பெரிய நரம்பு. உடம்பு கிருமியோடை சண்டை பிடிக்கேக்கை நரம்பு வீங்கும். முழங்கையிலை அதுக்கு இருக்கிறது ஒடுங்கின வழி. வீங்கின நரம்பு அதுக்குள்ளை நெரிஞ்சு சாகும். விரலைக் கிருமி தின்னுறேல்லை. நோ தெரியாதபடியால் நாங்கள்தான் சுட்டும் வெட்டியும் அழிக்கிறம்."

"நரம்பு வீங்கேக்கை நோகுமோ ஐயா?"

"கனபேருக்கு நோகும். காப்பாத்திற காலம் அப்பதான். உடனை வந்தால் வீக்கத்துக்குக் குளிசை குடுத்து, கைக்கு ஓய்வு குடுத்தால், கன கைகளைக் காப்பாத்தலாம். பெலம் குறையத் தொடங்கி ஆறு மாதத்துக்குள்ளை வரவேணும். அதுக்குப் பிறகு செத்த நரம்பு செத்ததுதான்."

நான் மனதுக்குள் எண்ணினேன். தை, மாசி, பங்குனி. எண்ணி முடிக்கு முன் ஐயா தன் கொப்பியைப் புரட்டிக்கொண்டு கேட்டார்:

"நான் மாசியிலை இஞ்சை வந்தனான். இதையே கேட்டனான். நீங்கள்தானே மறுமொழி சொன்னனீங்கள்?"

"ஓம் ஐயா."

அவர் என்னை ஏசவில்லை. கொப்பியில் எதையோ எழுதினார், மூடினார், சைக்கிளில் ஏறிப் போனார். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

கார்த்திகை முடிய நான் ஏரம்பு வீட்டுக்குப் போனேன். பேக்கரி வேலையோடு சந்தையில் மூடை தூக்கியும் காசு சேர்த்திருந்தேன். சட்டைப் பையில் நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.

அவன் முற்றத்தில் ஒரு பேசினுக்குள் கையை ஊறவைத்துக்கொண்டு இருந்தான். தண்ணீருக்குள் அவன் கை வைக்கும் முன் குணலட்சுமி தன் முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பாளாம். ஊறிய கையில் தடித்த தோலைக் கல்லால் மெதுவாக உரசி, ஈரம் காயமுன் எண்ணெய் பூசினாள். பிறகு அவன் கையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தான்.

"வாங்கோ அண்ணை. இப்ப எனக்கு வேலை இதுதான். ஒவ்வொரு நாளும் கண்ணாலை பாக்கவேணும் எண்டு ஐயா சொன்னவர். கைக்குத் தெரியாததைக் கண் பாக்க வேணுமாம்." சிரித்தான். "உங்கடை அகப்பைக் கையன் இப்ப பிளேன்ரீக் கிளாசையும் துணியாலை சுத்தித்தான் பிடிக்கிறன்."

குணலட்சுமி ஒரு பலகையைப் போட்டாள். ஊர்ச் சனம் அங்கே வருவதில்லை என்று அந்தப் பலகையில் கிடந்த தூசியைப் பார்த்தே தெரிந்தது. அவள் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"ஆறு மாதத்துக்குள்ளை வந்திருந்தால் கை திரும்பியிருக்குமாம் அண்ணை" என்றான் ஏரம்பு. "டாக்குத்தர் கேட்டார், ஏன் வரேல்லை எண்டு. ஆருக்குத் தெரியும் எண்டு சொன்னன். தேமலைப் பாத்து ஆர் இதை நினைப்பினம்? சொல்ல ஒருத்தரும் இல்லையே. விதி எண்டு விட்டிட்டன்."

காசைக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். அவன் என்னை வீட்டு மனிதனாக வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தான். பேசாமல் இருந்திருக்கலாம். அவன் அந்த விதியோடேயே இருந்திருப்பான்.

"மாசியிலை உன்னைக் கொட்டிலுக்கு அனுப்பினன். ஞாபகமோ?"

"ஓம். புண்ணைக் கண்டால் கடை பூட்டுவார் எண்டு."

"அண்டைக்கு ஐயா ஒரு படம் காட்டினவர். இப்பிடித் தேமல், விறைப்பு, விரல் பெலமில்லாமல் ஆருக்கும் இருக்கோ எண்டு கேட்டவர். நான் இல்லையெண்டு சொன்னனான்."

ஏரம்பு பார்த்துக்கொண்டிருந்த கையைத் தாழ்த்தினான்.

"சனிக்கிழமைப் பந்தயம் இருந்தது" என்றேன்.

அவன் இடது கையை மடியில் வைத்து, பெருவிரலால் விரல் தொட்டு மாதம் எண்ணினான். தையில் தொடங்கி மாசியில் நிறுத்தினான். இரண்டாவது விரலில் பெருவிரல் கன நேரம் நின்றது. எண்ணெய்ச் சிரட்டையோடு நின்ற குணலட்சுமி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"நான் அண்டைக்குக் கேட்டனான்" என்றான். "முழங்கையைக் காட்டட்டோ எண்டு உங்களைக் கேட்டனான் அண்ணை."

"ஓம்."

"கேட்டனான்தானே?"

"கேட்டனீ."

நான் காசை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று சொல்லுவான், அல்லது எறிவான் என்று நினைத்தேன். அவன் வாங்கினான். பேசினை ஒதுக்கிவைத்துவிட்டு, தாள்களைத் தொடையில் பரப்பினான். வலது கையால் ஒரு தாளை எடுக்கப் பார்த்தான். அது வழுக்கியது. இடது கையால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணினான். நான் உதவப் போகவில்லை.

"நூற்றித் தொண்ணூறு இருக்கு. எனக்கு வரவேண்டியது நூற்றி எண்பத்தேழு அம்பது."

"மிச்சம் கிடக்கட்டும் ஏரம்பு. வீட்டுக்கு ஏதும் வாங்கு."

"இஞ்சாரும்" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். "ரெண்டு ரூபாய் அம்பது சதம் எடுத்து வாரும்."

அவள் எங்கே தேடினாளோ தெரியாது, நேரம் எடுத்தது. சில்லறையை அவள் அவனுடைய இடது கையில் கொடுத்தாள். அவன் அதை என் பலகையின் விளிம்பில் வைத்தான்: இரண்டு ஒரு ரூபாய்க் குற்றியும் ஓர் ஐம்பது சதமும்.

"எடுங்கோ அண்ணை."

எடுத்தேன்.

"கணக்குச் சரி. இனி இஞ்சை வராதேங்கோ."

"சரி" என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.